அக்காவின் ஐந்து காத்தி

அன்று காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆபீஸ் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி இருந்தார். கங்காணிமார் இரண்டு பேர் இருந்தார்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டுவிட்டு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகும் தாய்மார் பதினாறு பேரும் இருந்தார்கள். ரப்பர் ஷீட் நிறுக்கும் மேடைத் தராசை ஸ்டோரிலிருந்து தூக்கிவந்த ஆட்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். தராசின் மேல் என் அக்கா நின்றாள். இரண்டடி தள்ளி நான்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்காவின் புருஷன், என் மச்சான், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் வேலைக்கென்று லாரியில் ஏற்றப்பட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் குளிர்காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த இருவரில் ஒருவர் அங்கே இருந்திருந்தால் அக்காவைத் தராசில் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று வெகுநாள் மனத்தாங்கலோடு இருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஏறியதுதான் நல்லதாகப் போயிற்று.

"தொண்ணூத்தாறு காத்தி," என்றார் தராசைப் பிடித்தவர்.

பெரிய கிராணி கையில் பழைய ஆஸ்பத்திரிப் புத்தகம் இருந்தது. வெள்ளைக்கார துரை இருந்த காலத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் புழுமருந்து கொடுத்தபோது எழுதிய எடை அதில் இருந்தது. அக்காவின் பெயருக்கு நேரே நூற்று நான்கு ராத்தல். நான்கு ராத்தல் மூன்று காத்தி. அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"எழுவத்தெட்டு காத்தி. இப்ப தொண்ணூத்தாறு. பதினெட்டு காத்தி எங்கேருந்து வந்திச்சி? வானத்திலேருந்தா?"

அந்த வருஷம் தோட்டத்தில் எலும்பு தெரியாத உடம்பு கிடையாது. அரிசி மாதத்துக்குச் சில டின்தான். மற்ற நாளெல்லாம் மரவள்ளிக் கிழங்கு, அதன் கீரை, கிடைத்தால் நெத்திலிக் கருவாடு. மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி நாலாவது வருஷத்தைத் தொட்டிருந்தது. எல்லாரும் இளைத்துக்கொண்டே வந்த அந்தக் காலத்தில் என் அக்கா மட்டும் பெருத்துக்கொண்டே வந்தாள். அவள் ஆயா. பிள்ளைகளுக்கு வரும் அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி ஊற்றுகிறவள்.

"வானத்திலேருந்து ஏன் வருது? புள்ளைங்க கஞ்சியிலேருந்து வந்திருக்கு," என்றாள் எங்கள் வீட்டு வரிசைக்கு எதிர் லயத்து அக்கா. அவளுடைய மகனுக்கு இரண்டு வயது. கழுத்தெலும்பு குழி விழுந்து கிடப்பான். "எம் புள்ள குச்சியாட்டம் கெடக்கான். ஊத்தறவ உரலாட்டம் நிக்கிறா."

பின்னால் இருந்து இன்னொரு குரல்: "கஞ்சி மட்டுந்தானா? மாசத்த எண்ணிப் பாக்கணும்லா."

சிலர் சிரித்தார்கள். மச்சான் போய் ஒன்றரை வருஷம் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு முகம் எரிந்தது. என் அக்கா மெல்லத் தலையைத் திருப்பினாள். அவளுடைய பேச்சு அப்போதெல்லாம் தகரத்தை இழுத்துக்கொண்டு போவதுபோல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக வரும்.

"எண்ணிப் பாரு. ஒன்பதுக்கு மேல போனா ஆனைதான் பொறக்கணும்."

அதற்கும் சிரிப்பு வந்தது. பெரிய கிராணி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் பத்து நாள் தரேன். டாக்டர்கிட்டேருந்து ஏதாச்சும் காயிதம் கொண்டாந்தா பாக்கறேன். இல்லேன்னா கொட்டகைக்கு வேற ஆள். ஒம் பேரு ரோட்டு வேலைக்கிப் போவும்." ரோட்டு வேலை என்றால் ஜப்பான்காரனுக்குக் கல் சுமக்கிற வேலை. போனவர்களில் திரும்பிய முகங்கள் குறைவு.

பெரிய கிராணியைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பதினாறு தாய்மார் அவர் ஆபீஸ் படியில் ஏறி நின்று கேட்டிருந்தார்கள். அவர் கையில் தராசுதான் இருந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. கரங்கான் பக்கத்து அந்தத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்திலேயே இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். கூலிமில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். சண்டை வந்து பள்ளிக்கூடம் மூடியதும் ஆஸ்பத்திரியில் டிரெஸருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். புண் கழுவுவேன், புத்தகம் எழுதுவேன், குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை எண்ணுவேன். டிரெஸரின் அலமாரியில் கரையான் பாதி தின்ற ஒரு வைத்தியப் புத்தகம் இருந்தது. மீதிப் பாதியை நான் தின்றேன்.

அக்காவின் மாற்றத்தை நான் பார்க்காமல் இல்லை. முதலில் குளிர். பட்டப்பகலில், மற்றவர்கள் உடம்பெல்லாம் வேர்த்து வழியும்போது, அவள் மச்சானின் பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்பண்டை உட்கார்ந்திருப்பாள். பிறகு முகம் ஊதியது. கண்ணிமை இரண்டும் தூங்கி எழுந்தவள்போல் எந்நேரமும் கனத்திருந்தன. தலைமுடி சீப்போடு வந்தது. புருவத்தின் வெளி நுனி உதிர்ந்துபோனது. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள்.

டிரெஸர் அதை 'வீக்கம்' என்றார். தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியிருந்த சமயம் அது. அரிசித் தவிடு வறுத்துக் கொடுத்தால் பலருக்கு வடிந்தது. அக்காவுக்கும் தவிடு கொடுத்தார். வடியவில்லை. நான் கரையான் விட்டுவைத்த பக்கங்களில் தேடினேன். குளிர், கரகரத்த குரல், உதிரும் புருவம், மந்தம் எல்லாம் ஒரே பத்தியில் இருந்தன. கழுத்தில் இருக்கும் தைராய்டு என்ற சுரப்பி சோம்பிப்போனால் வருவது என்றிருந்தது. அடுத்த பக்கத்தில், அந்தச் சுரப்பிக்கு அயோடின் தேவை என்ற ஒரு வரி. அதற்கடுத்த பக்கம் இல்லை. கரையான்.

நான் செய்ததை இங்கே மறைத்து எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. புண்ணுக்குத் தடவும் டிஞ்சர் அயோடின் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டிலும் சொச்சமும் இருந்தது. அதில் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டுபோய், காலையில் மூன்று சொட்டு, மாலையில் மூன்று சொட்டு, தண்ணீரில் கலந்து அக்காவுக்குக் கொடுத்தேன். நாற்பது நாள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "படிச்ச தம்பி குடுக்கிறான், கசந்தாலும் மருந்துதான்," என்பாள். அந்த நாற்பது நாளில் அவள் குரல் இன்னும் தடித்தது. குளிர் கூடியது. சொட்டு போதவில்லை என்று நினைத்தேன்.

தராசில் நின்ற மூன்றாம் நாள் அக்காவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூலிமுக்குக் கிளம்பினேன். டயர், காய்ந்த ரப்பரைச் சுருட்டி நாங்களே கட்டியது. காற்று கிடையாது. ஒவ்வொரு கல்லும் முதுகில் வந்து சேரும். சாலைத் திருப்பத்தில் ஜப்பான் சிப்பாய் நின்ற இடத்தில் இறங்கிக் குனிந்து கும்பிட்டோம். அக்கா குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. "ரொம்ப மரியாதைன்னு நெனச்சிருப்பான்," என்றாள் அப்புறம்.

கூலிம் ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். மெலிந்த, பொறுமையில்லாத மனிதர். மருந்து அலமாரி அநேகமாகக் காலி. அவருடைய கை, காது, கண் மட்டும்தான் மிச்சம் என்று அவரே சொல்லுவாராம். பதினெட்டுக் காத்திக் கதையை நான் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

"பொறும். முதல்ல எடை. எந்தத் தராசில நிறுத்தவை? என்ன உடுத்திருந்தவ?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா யோசித்துச் சொன்னாள்: "உள்ளுக்கு ஒரு சீல, மேல ஒரு சீல. அவரு கோட்டு. மழத்தூத்தல்னு கோணி ஒண்ணு போத்தியிருந்தேன்."

"கோணி நனைஞ்சதோ?"

"சொட்டச் சொட்ட."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். குளிர்கிறவள் அதிகம் உடுத்துகிறாள், அதிகம் உடுத்தியவளை அப்படியே நிறுத்தி, அவள் தின்றாள் என்று சொல்லியிருக்கிறோம். ஒரு நர்ஸ் அவளை உள்ளே கூட்டிப்போய் ஒற்றைச் சேலையோடு ஆஸ்பத்திரித் தராசில் ஏற்றினாள். நூற்றிருபது ராத்தல். தொண்ணூறு காத்தி. ஆறு காத்தி துணியும் தண்ணீரும்.

"அப்ப பதினெட்டு இல்லை, பன்னிரண்டு," என்றார் டாக்டர். "அதுவும் எப்ப எப்ப ஏறினது? சட்டெண்டோ, கொஞ்சம் கொஞ்சமாவோ?"

"ரவிக்க கை இறுகினது போன தீவாளிக்கு முன்னாடி," என்றாள் அக்கா. "அப்புறம் மாசம் மாசமா."

"முன்னம் என்ன வேலை?"

"மரம் வெட்டினேன். மூணு வருசமா கொட்டகையில குந்திக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணி எடுத்தார். தோட்டத்தில் வீங்கின கால்களில் அப்படி அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அக்காவின் காலில் குழி விழவில்லை. மாவு உருண்டை போல் எழும்பி வந்துவிட்டது. அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார். கலங்கவில்லை. "சிறுநீரக வியாதி இல்லை. தவிட்டுக்குக் கேக்கிற வீக்கமும் இல்லை," என்றார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளையும் இல்லை," என்றார். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாடி நிமிஷத்துக்கு ஐம்பத்து நான்கு. பிறகு அவளை நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பில் சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் டக்கென்று உதைத்தது. ஆனால் திரும்பிப் பழைய இடத்துக்கு வர, அரைத்தூக்கத்தில் கதவைச் சாத்துகிறவன்போல் நேரம் எடுத்துக்கொண்டது. அவர் இன்னொரு தடவை தட்டினார். அப்போதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"சோம்பிப்போன தைராய்டுதான். இனிச் சாப்பாட்டைச் சொல்லுங்கோ. என்ன மீன், என்ன உப்பு, எத்தினை நாள்?"

அக்கா எண்ணிச் சொன்னாள். கருவாடு வாரத்துக்கு நாலு நாள், ஒரு கைப்பிடி. தொட்டுக்கொள்ள, இறாலை இடித்துச் செய்த பெலாச்சான். உப்பு, கடலோரத்து மலாய்க்காரர்கள் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துவந்து கிழங்குக்கு மாற்றிக்கொண்டு போவது. ஆற்று மீன் எப்போதாவது. டாக்டர் அவள் கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். சற்றே கனத்திருக்கிறது, பெரிதாக இல்லை என்றார்.

"உப்பில அயோடின் பெரிசா இராது. ஆனா கருவாட்டிலயும் பெலாச்சானிலயும் வேண்டிய அளவு போகுது. குறைவெண்டு சொல்லேலாது."

குப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். எவ்வளவு, எத்தனை நாள் என்று சொன்னேன். டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல எண்ணம். தப்பான வேலை," என்றார். "மலைக்காட்டில கடல் மீனே காணாத சனத்துக்கு அயோடின் குறையும், கழுத்து வீங்கும். அங்க கொஞ்சம் குடுத்தாச் சரி. இவவுக்குச் சுரப்பியே அலுத்துப்போச்சு. அடுப்பு இடிஞ்சு கிடக்க நீர் விறகு அடுக்கிக்கொண்டு இருந்தனீர். அதுவும் புண்ணுக்குப் போடுற மருந்தை. சில பேருக்கு அளவு மிஞ்சினா இருக்கிற கொஞ்ச வேலையையும் சுரப்பி நிப்பாட்டிப்போடும். இண்டைக்கே நிறுத்தும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்ப நாப்பது நாளு மூக்கப் புடிச்சது வீணா?" என்றாள். கோபமில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காகிதத்தை நான்தான் எழுதினேன். டாக்டருக்குக் கை நடுக்கம். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதினேன். தராசு, உடை, மூன்று எடைகள். குழி விழாத வீக்கம். நாடி. குதிகால். உணவு. 'அயோடின் உணவில் குறைவில்லை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

"மற்றது?" என்றார்.

மற்றது எனக்குத் தெரியும். அதை எழுதினால் டிரெஸர் படிப்பார். பெரிய கிராணி படிப்பார். ஆஸ்பத்திரி மருந்தை எடுத்தவன் என்று என் கையெழுத்திலேயே இருக்கும். அக்கா வேலையோடு என் வேலையும் போனால் வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். பேனாவை மையில் இரண்டு தரம் முக்கினேன்.

"அடுத்தாப்போல பார்க்கிற டாக்டருக்கு இது தெரிய வேணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எழுதினேன்: 'டிஞ்சர் அயோடின் நாளுக்கு ஆறு சொட்டு, நாற்பது நாள், தம்பி கொடுத்தது. நிறுத்தப்பட்டது. இனி அயோடின் மருந்தாக வேண்டாம். கருவாடு வழக்கம்போல் சாப்பிடலாம்.'

பிறகு மருந்து. ஆட்டுச் சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை. அவரிடம் பத்துதான் இருந்தது. முதலில் கால் மாத்திரை, பிறகு அரை, ஆறு வாரத்தில் முழுசு. அவசரப்பட்டால் நெஞ்சு தாங்காது. நெஞ்சு வலி, படபடப்பு என்றால் உடனே நிறுத்திவிட்டு வரவேண்டும். நிறுத்தாமல் வெகுகாலம், ஒருவேளை ஆயுசு முழுக்கவும், சாப்பிட வேண்டியிருக்கும்.

கடைசிப் பகுதியை நானே முந்திக்கொண்டு எழுதினேன். 'மூன்று மாதத்தில் பழைய எடையான எழுபத்தெட்டுக் காத்திக்கு வருவார்.' பெரிய கிராணி கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். டாக்டர் எட்டிப் பார்த்து, என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நடுங்கும் கையாலேயே அதை அடித்தார்.

"ஆர் சொன்னது உமக்கு?"

"மருந்து சாப்பிட்டா எறங்கும்னு..."

"எறங்கும். எவ்வளவு? இந்த நோயில ஏறுறதில கனபங்கு உப்பும் நீரும். அதுதான் வடியும். மிச்சம், குந்தியிருந்து ஏறினது. அதை மாத்திரை கழுவாது. நீர் எழுவத்தெட்டெண்டு எழுதுவீர், அவ எண்பத்தஞ்சில நிப்பா. அப்ப அந்தக் கிராணி என்ன சொல்லுவான்?"

எனக்கு உறைத்தது. திருடி என்று இரண்டாம் தடவை சொல்லுவார். இந்த முறை டாக்டர் காகிதத்தை வைத்துக்கொண்டே சொல்லுவார்.

"எழுதும். மூன்று மாதத்தில் ஐந்து காத்தி. கூடினால் ஆறு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முதல் மாதத்தில் எடையைப் பார்க்க வேண்டாம். குளிர், குரல், மலம், தூக்கம், நாடி இவை முதலில் திருந்தும். எடை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் கஞ்சிக்கு முன், ஒற்றைச் சேலையில். எடை குறைக்கவென்று ரேஷனில் ஒரு பிடியும் குறைக்கக் கூடாது. பட்டினி போட்டால் பலவீனம்தான் வரும், நோய் போகாது. உடம்பு தாங்கத் தாங்க நடக்கலாம்."

"அஞ்சே அஞ்சா?" என்றாள் அக்கா. நான் தமிழில் சொல்லக் கேட்டதும் அவளுக்கு ஏமாற்றம். "பழைய ரவிக்க போட முடியாதா டாக்டர்?"

"கைய மட்டும் பிரிச்சுத் தையுங்கோ," என்றார் அவர்.

திரும்பும் வழியில், கரங்கான் பக்கம் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, "எனக்கு வியாதின்னு தெரிஞ்சதே போதும்டா தம்பி," என்றாள் அக்கா. "நானே நெனச்சிட்டேன், தூக்கத்தில எந்திரிச்சி ஏதாச்சும் திங்கிறேனோன்னு."

பெரிய கிராணி காகிதத்தை மூன்று தரம் படித்தார். அயோடின் வரிக்கு வந்தபோது கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இத நீயா எழுதின?" என்றார். ஆமாம் என்றேன். "ஒனக்கு எதிரா நீயே எழுதினவன், மத்தத பொய்யா எழுதியிருக்க மாட்ட," என்றார். மூன்று மாதம் தவணை கொடுத்தார். கஞ்சி ஊற்றும்போது தாய்மாரில் ஒருத்தி முறை வைத்துக் கூட நிற்க வேண்டும் என்றார். அக்கா அதற்கு, "வரட்டும், அடுப்பு ஊத ஆளாச்சு," என்றாள். காய்ச்சல் இறங்கி எழுந்து வந்த டிரெஸர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பாட்டில் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

டாக்டர் கொடுத்த பத்து மாத்திரையைக் காலாகவும் அரையாகவும் சவரக்கத்தியால் வெட்டினேன். அது தீர்வதற்குள் கூலிம் கடைத்தெருவில் ஒரு சீன மருந்துக் கடையில், சண்டைக்கு முன் வந்த பாட்டில் ஒன்று கிடைத்தது. நூறு மாத்திரை. மூடியில் துரு. டாக்டரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்து, ஒன்றை உடைத்துப் பார்த்து, "பழசுதான். வேலை செய்யும். நாடியைப் பார்த்துக்கொண்டு கொடும்," என்றார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் ஒருநாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மச்சானின் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளும் அந்த ஆணி சும்மாவே இருந்தது. அக்கா வாசலில் நின்று, "வேக்குது தம்பி," என்றாள். தோட்டமே வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த அன்று அவள் மட்டும் புறங்கையால் நெற்றியைத் துடைத்து, ஈரத்தை எனக்குக் காட்டினாள்.

பிறகு குரல். கொட்டகையில் அவள் பாடிய தாலாட்டைக் கேட்டுக் கங்காணி ஒருவர், "புது ஆயா வந்திருக்கா?" என்று கேட்டாராம். நாடி அறுபத்து நான்கு. அடுத்த மாதம் எழுபது. வாரத்துக்கு ஒருநாள் கஞ்சிக்கு முன் ஸ்டோருக்குப் போய் நிறுத்தோம். தொண்ணூறு. எண்பத்தொன்பதரை. ஒருவாரம் அப்படியே நின்றது. அக்கா தராசைக் குற்றம் சொன்னாள். எண்பத்தெட்டு. நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

காவலுக்கென்று கொட்டகையில் நின்ற தாய்மாருக்கும் வேறொன்று தெரியவந்தது. வரும் அரிசியே குறைவு. பானைக்குள் எட்டிப் பார்த்த எதிர் லயத்து அக்கா, "இது கஞ்சியா, கழுவுன தண்ணியா? இதுல களவாட என்னா இருக்கு?" என்று சத்தம் போட்டுக்கொண்டு நேரே ஆபீஸ் படிக்கே போய்விட்டாள். அதற்குப் பின் பிள்ளைகளுக்கு நாளைக்கு இரண்டு டின் கூட வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று மறுபடி பெரட்டுக் களம். அதே தராசு. அக்கா ஒற்றைச் சேலையில் ஏறினாள்.

"எம்பத்தஞ்சி."

"எழுவத்தெட்டு இல்லியே," என்றது பின்வரிசைக் குரல்.

பெரிய கிராணி காகிதத்தை விரித்து, விரலை ஒரு வரியில் வைத்தார். "தொண்ணூறுலேருந்து அஞ்சி காத்தின்னு டாக்டரு மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிட்டாரு. அஞ்சி. பாத்துக்க." மேசையில்லாததால் தன் முழங்காலிலேயே வைத்துக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். "ஆயா வேல அவளுக்குத்தான். கலைங்க. வெயிலு ஏறிடிச்சி."

கூட்டம் நகர்ந்தது. எதிர் லயத்து அக்கா நகரவில்லை. இடுப்பிலிருந்த மகனை அக்காவின் கையில் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "மூக்கு ஒழுவுது, பாத்துக்க. உரலுக்கு இப்ப இடுப்பு தெரியுது," என்றாள்.

"ஒனக்கும் கொஞ்சம் சதை ஒட்டட்டும். பாதி நீ எடுத்துக்க," என்றாள் என் அக்கா. குரல் தெளிவாக இருந்தது.

அதே கடையில் பின்னால் வாங்கிய இரண்டாவது பாட்டில் தீர்வதற்கு முன்பே ஜப்பான்காரன் போய்விட்டான். இப்போது கூலிம் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை கிடைக்கிறது. அக்கா தினமும் ஒன்று சாப்பிடுகிறாள். எடை எண்பத்து நான்குக்கும் எண்பத்தாறுக்கும் நடுவில் நிற்கிறது. மச்சான் ஒருநாள் கரங்கான் சாலையில் நடந்து வந்தார், வெறும் எலும்பாக. அக்காவைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எங் கோட்டு எங்க?" என்பதுதான்.

ஆன செலவு: முதல் பாட்டிலுக்கு, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் நானூறு வெள்ளி. இரண்டாவது பாட்டிலுக்குக் கடைக்காரர் நோட்டு வேண்டாம் என்றதால் அக்காவின் கம்மல் ஒரு ஜோடி. டிஞ்சர் பாட்டிலுக்கு என் சம்பளத்தில் பதினெட்டு வெள்ளி. ரவிக்கைக் கை பிரித்துத் தைக்க நூல் ஒரு உருண்டை.